கருங்குன்று முற்றுகை: 61 நாள் திட்டக் குறிப்பு

படம் வரைபவருக்கும் வசனம் எழுதுபவருக்கும்: நம் சித்திரத்தொடரின் மூன்றாம் பாகம் முழுக்க இந்த முற்றுகைதான். கோட்டையைக் காப்பது வெண்ணி. போர்த்தொழில் பழகியவள் அல்ல, களஞ்சியக் கணக்கு பார்த்தவள். முற்றுகையிடுபவன் செங்கோடன். அவனை முட்டாளாக்கி அவளை ஜெயிக்க வைக்கக் கூடாது. அவன் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்த நாளில் சரியாகப் பட வேண்டும். அவன் தோற்பது சோற்றுக் கணக்கில்.

கோட்டை, செஞ்சியைப் போல மூன்று குன்றுகளை மதிலால் இணைத்தது. செஞ்சியையே முன்மாதிரியாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதைச் சுற்றிக் கிடந்தது. இடையில் மராட்டியக் குதிரைப்படை தானிய வழியை அடைத்ததும், முற்றுகையிட்ட சுல்பிகார் கானே முற்றுகைக்குள் சிக்கிக்கொண்டு 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. நம் கதையின் விதை அங்கேதான் இருக்கிறது.

உள்ளே 4,400 பேர். வீரர்கள் 1,400, மற்றவர்கள் ஊர்மக்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அரிசி என்றால் 2.6 டன். களஞ்சியத்தில் 400 டன், ஐந்து மாதத்துக்குக் காணும். ஆகவே உள்ளே பசி பெரிய ஆபத்தில்லை. தண்ணீர்தான் ஆபத்து. முற்றுகை தொடங்குவது புரட்டாசி முதல் நாள். மலைச் சுனையில் 40 நாள் தண்ணீர். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் சுனை நிரம்பும், பிந்தினால் சாவு. பாறைப் பலகை போட்டு மூடிய இன்னொரு சுனை இருக்கிறது, அதில் 25 நாள் தண்ணீர். அது வெண்ணியையும் இன்னும் மூன்று பேரையும் தவிர யாருக்கும் தெரியாது.

இனி வெளியே. செங்கோடனிடம் 12,000 வீரர்கள். சமையல்காரர், கொல்லர், குதிரைக்காரர் என்று பின்னால் வருவோர் 6,000. குதிரை 500. ஆளுக்கு ஒரு கிலோ வீதம் 18 டன், குதிரைக்கு மூன்று கிலோ கொள்ளு வீதம் ஒன்றரை டன். எல்லாம் 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆற்றுத்துறையிலிருந்து மாட்டுவண்டியில் வர வேண்டும். ஒரு வண்டி 500 கிலோ ஏற்றும். போக நான்கு நாள், திரும்ப நான்கு நாள். இரண்டு மாடும் வண்டிக்காரனும் எட்டு நாளில் தின்பது சுமார் 170 கிலோ. முகாமில் இறங்குவது 330 கிலோதான். அப்படியானால் தினம் 59 வண்டி வந்து சேர வேண்டும், சாலையில் எப்போதும் 470 வண்டி ஓட வேண்டும். அவனிடம் 1,100 வண்டி இருக்கிறது. அதனால்தான் அவன் முகத்தில் அத்தனை நிம்மதி. அந்த நிம்மதியை முதல் அத்தியாயத்தில் நன்றாக வரையுங்கள்.

யாளிகள் இருபது. ஒன்றுக்குத் தினம் இரண்டு ஆடு. ஆடு தன் காலால் நடந்து வரும், வண்டி வேண்டாம். ஆனால் சுற்றியுள்ள பட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். இடையர்கள் கோட்டைக்கு ஒற்றர்களாவது இப்படித்தான், அவர்களுக்கு வேறு காரணம் எதுவும் எழுத வேண்டாம். மழையில் யாளியின் நகக்கண்ணில் சீழ் பிடிக்கும். அதன் பிறகு அது மதிலேறாது.

வெண்ணி செய்வது இரண்டு. ஒன்று, தாகத்தை நடிப்பது. பத்தாம் நாளிலிருந்து மதில்மேல் வெற்றுக்குடங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. சமாதானம் பேச ஆள் அனுப்புகிறாள், இழுக்கிறாள். ‘இன்னும் பத்து நாளில் கதவு திறக்கும்’ என்று செங்கோடன் நம்ப வேண்டும். அப்போதுதான் மழைக்கு முன் கிளம்பாமல் இருப்பான்.

இரண்டாவதுதான் அவள் மூளை. சுரங்க வழியாக முப்பது முப்பது பேராக வெளியேறி வண்டிச்சாலையைத் தாக்குகிறார்கள். தானியத்தைக் கொளுத்துவது நோக்கமில்லை. வண்டிக்குக் காவல் வேண்டும் என்று செங்கோடனை நினைக்க வைப்பதுதான் நோக்கம். அவனும் நினைக்கிறான். முப்பதாம் நாள் 2,500 குதிரைகள் ஆற்றைக் கடந்து வருகின்றன. முகாமில் ஆரவாரம். கோட்டையில் அழுகை. வெண்ணி மட்டும் மதிலில் நின்று குதிரைகளை எண்ணுகிறாள். வரிசை முடிந்ததும் கையிலிருந்த கரித்துண்டால் சுவரில் எழுதுகிறாள்: தினம் ஏழரை டன் கொள்ளு, பதினைந்து டன் புல். மதில் ஏற முடியாத குதிரை, தான் காக்க வந்த தானியத்தையே தின்னப் போகிறது.

38ஆம் நாள் மழை. சேற்றில் வண்டி நாளைக்கு எட்டு கிலோமீட்டர்தான் நகரும், போய்வர 16 நாள். மாடுகளின் தீனி போக இறங்குவது சுமார் 160 கிலோ. பாதி வேகம், பாதிச் சுமை. ஒரே அளவு தானியத்துக்கு நான்கு மடங்கு வண்டி வேண்டும். 1,100 வண்டியும் ஓடினால்கூட தினம் 11 டன்தான். தேவை, புல்லை விட்டுவிட்டாலும், 27 டன். தினம் 16 டன் துண்டு விழுகிறது. முகாமில் 12 நாள் இருப்பு, 324 டன். இருபது நாளில் தீரும்.

செங்கோடனுக்கு ஒரு வழி இருக்கிறது: குதிரைகளை ஆற்றுத்துறைக்கே அனுப்பிவிடலாம். இதைச் சொல்லும் உதவித் தளபதி ஒருவன் கட்டாயம் வேண்டும், அவன் சொல்வதும் சரியாக இருக்க வேண்டும். அன்றிரவே வெண்ணி மறுபடி சாலையைத் தாக்குகிறாள், ஐந்து வண்டிதான் போகிறது. ‘பார்த்தாயா, காவலை எடுக்கச் சொன்னாயே’ என்கிறான் செங்கோடன். வாசகர் அந்த இடத்தில் அவன் பக்கம் நிற்க வேண்டும்.

மனவுறுதியைப் பேச்சில் காட்டாமல் கைகளில் காட்டுங்கள். உள்ளே, முதல் மாதம் படி குவித்து அளக்கிறார்கள். 35ஆம் நாள் அளப்பவள் படியின் தலையைக் கோலால் தட்டி வழிக்கிறாள். வரிசையில் நிற்கும் கிழவி, கீழே சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடிந்துகொள்கிறாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. புறநானூறு 44ஆம் பாட்டில் கோவூர்கிழார் ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்துகிடந்த நெடுங்கிள்ளிக்குச் சொன்னது இதைத்தான்: பாலில்லாமல் பிள்ளைகள் அழுகின்றன, பெண்கள் பூவில்லாத தலையை முடிகிறார்கள். நமக்கு அதைவிடக் கனமான ஒரு பாரம் இருக்கிறது. வெண்ணியின் நாடகத்தைச் சொந்த ஊரே நம்புகிறது. 36ஆம் நாள் ஒரு தாய் காய்ந்த உதட்டோடு அவள் வாசலில் வந்து உட்காருகிறாள். மூடிய சுனையைத் திறந்தால் அந்தச் செய்தி இரவுக்குள் வெளியே போய்விடும். வெண்ணி தன் பங்குக் குவளையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். இதற்கு வசனமே வேண்டாம். அவள் செய்தது சரியா என்று கதையில் எங்கும் யாரும் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம்.

வெளியே முதலில் ஓடுவது வீரர்கள் இல்லை, வண்டிக்காரர்கள். மாடு அவர்களுடைய சொத்து. ஒரு மாடு சேற்றில் விழுந்து எழாவிட்டால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பே போச்சு. அடுத்து, சம்பா நடவுக்கு ஊர் திரும்ப நினைக்கும் உழவர்கள். பிறகு வயிற்றுப்போக்கு. 50ஆம் நாளுக்கு மேல் குதிரைக்காரர்கள் கொள்ளைத் தாங்களே வேகவைத்துத் தின்கிறார்கள்.

61ஆம் நாள் காலை முகாம் காலி. மதிலிலிருந்து யாரும் அம்பு விட வேண்டாம், துரத்தவும் வேண்டாம். கைவிடப்பட்ட குதிரை ஒன்று, எலும்பெடுத்து, கோட்டை வாசலில் வந்து நிற்கிறது. வெண்ணி கதவைத் திறக்கச் சொல்லி, குவித்த படி கொள்ளோடு அதன் முன் போகிறாள்.