அம்மாவின் மறைவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கும் அக்காவுக்கும்,

செய்தி நேற்றிரவு கொழும்பில் கிடைத்தபோது மட்டக்களப்புக்கான கடைசி பஸ் போய்விட்டது. அடக்கத்துக்கு வர முடியாமல் போனதற்கு மன்னியுங்கள்.

"94 வயது, நிறைய வாழ்ந்தவர்" என்று வருகிறவர்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அம்மா இல்லாத ஒரு நாள் உங்களுக்கு இதற்கு முன் இருந்ததே இல்லையே.

1978 சூறாவளியில் கூரை பறந்த இரவு, பிள்ளைகளை நெல் மூடைகளுக்குப் பின்னால் இருத்திவிட்டு, விடியும்வரை கதவைத் தோளால் தாங்கி நின்றதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் காற்றைவிட நனைந்த நெல்லுக்காகத்தான் அதிகம் வருந்தினார்! சென்ற சித்திரையில் கொக்கட்டிச்சோலைக்கு வந்தபோது கண் மங்கியிருந்தது. கையைத் தடவிப் பார்த்தே "மெலிந்துவிட்டாய்" என்று தயிர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அக்கா, கடைசி இரண்டு வருடமும் தலைவாரி, சோறு குழைத்து ஊட்டியது நீங்கள். ஆறுதலாக அழுங்கள். வயதைச் சொல்லி யாரும் தடுக்க வேண்டாம்.

எட்டாம் நாளுக்கு முதல்நாளே வந்துவிடுகிறேன். பந்தலையும் மரக்கறி வாங்குவதையும் என்னிடம் விடுங்கள்.

அன்புடன்,
முன்வீட்டுத் தம்பி