ஒரே பில், இரண்டு வரவு

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் எனக்கு வேலை தொடங்கும். மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. பகலெல்லாம் சிஸ்டத்தில் பில் போடவே நேரம் சரியாக இருக்கும், அதனால் நான் இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்து கொள்முதல், வரவு செலவு எல்லாம் டாலியில் ஏற்றிவிட்டு ஒரு மணி வாக்கில் கிளம்புவேன். ஆறு வருஷமாக இப்படித்தான்.

அன்று நவம்பர் 14. சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல், அக்டோபர் மாதத்து GSTR-2B, ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்திருந்தது. அதுவும் நம் கணக்கில் இருக்கிற பில்லும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து 20-ம் தேதிக்குள் 3B ரிட்டர்ன் போட வேண்டும். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் 2,040 ரூபாய் இடித்தது. நம் கணக்கில் வரி அந்த அளவுக்கு அதிகம்.

ஐந்து சதவீத வரி 2,040 என்றால் சரக்கு 40,800. இளம்பிள்ளைச் சேலை, ஒன்று 850 ரூபாய் வீதம் 48.

கை அப்படியே நின்றுவிட்டது.

தீபாவளி முடிந்து ஸ்டாக் எடுத்தபோது இளம்பிள்ளைச் சேலையில் குறைந்ததும் 48-தான். அந்தத் தாளை முதலாளி அண்ணாச்சியிடம் கொடுத்தது நான். குடோன் சாவி பதினோரு வருஷமாக ஒரே ஆளிடம் இருந்தது, எல்லோருக்கும் அவர் குடோன் அண்ணன். அண்ணாச்சி சத்தம்கூடப் போடவில்லை. "நாளையிலேர்ந்து வர வேண்டாம், கூப்பிடுறப்ப வாங்க"ன்னு மட்டும் சொன்னார். அண்ணன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்குவாளியைக்கூட எடுக்காமல் போனார். திருடுகிறவன் ஒரு பில்லில் வந்த அளவை எண்ணிப் பார்த்தா எடுப்பான்? எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

சப்ளையர் லெட்ஜரைத் திறந்தேன். அக்டோபர் 7-ல் ஒரு வரவு, பில் நம்பர் 412. 11-ல் இன்னொன்று, EL/412. இரண்டும் 42,840. நிலுவை 85,680 என்று நின்றது. நாற்பத்தைந்து நாள் தவணை என்பதால் பணம் இன்னும் போகவில்லை.

ஃபைலைப் பிரித்தேன். சரக்கோடு வந்தது லாரி காப்பி, அதில் மேலே கொஞ்சம் அழிந்து வெறும் 412 மட்டும் தெரிந்தது. நாலு நாள் கழித்துத் தபாலில் ஒரிஜினல் வந்திருக்கிறது. தீபாவளி நெருக்கடியில் ஒரு ராத்திரிக்கு அறுபது எழுபது பில் ஏற்றிக்கொண்டிருந்தேன், நம்பர் வேறு மாதிரி இருந்ததால் டாலியும் தடுக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. லாரி காப்பியின் ஓரத்தில் பென்சிலில் "48 வரவு" என்று எழுதி அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரிஜினலில் அது இல்லை. குடோன் கையெழுத்து இல்லாத பில்லை நான் ஏற்றியே இருக்கக் கூடாது.

இரண்டாவது வரவை Alt+D அடித்து அழித்தால் போதும். ஸ்டாக் சரியாகிவிடும், வரி சரியாகிவிடும், 3B போடாததால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்த மனுஷன் மட்டும் திருடனாகவே இருப்பார். விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு வரவையும் பிரிண்ட் எடுத்தேன்.

மணி ஒன்று பத்து. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"என்ன தம்பி இந்நேரத்துல?"

"அண்ணாச்சி, அந்த 48 சேலை வரவே இல்ல. ஒரே பில்லை ரெண்டு தடவை ஏத்திட்டேன். தப்பு என்னோடது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஃபேன் சத்தம் கேட்டது.

"காலைல பேசலாம்ல?"

"இல்ல அண்ணாச்சி. அவரு ஒம்பது நாளா வீட்ல இருக்காரு."

"...அவரு வீடு தெரியுமா?"

"செல்லூர்ல."

"ஆறு மணிக்கு வர்றேன். அந்த பில்லு ரெண்டையும் எடுத்து வை."

நான் வீட்டுக்குப் போகவில்லை. தூக்குவாளியைப் பின்னால் குழாயில் கழுவித் துடைத்து வைத்துவிட்டு கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

செல்லூரில் அந்தச் சந்துக்குள் கார் போகாது, இறங்கி நடந்தோம். அண்ணன் வாசலில் குடத்தோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார். அண்ணாச்சிக்கு வார்த்தை வரவில்லை, சாவியை மட்டும் நீட்டினார். அண்ணன் அதை வாங்கவில்லை. என் கையிலிருந்த லாரி காப்பியை வாங்கி, வெளிச்சத்துக்காகத் தெருப்பக்கம் திருப்பி, ஓரத்தில் இருந்த தன் எழுத்தைப் பார்த்தார்.

"எண்ணித்தான் எழுதியிருக்கேன், தம்பி."