பெரும்பாக்கம் வீட்டிலிருந்து வந்த மூன்று படங்கள்: இந்தப் பூச்சி ஆபத்தானதா?

கேள்வி

வணக்கம் சார். பெரும்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மழை விட்டதும், ராத்திரி எட்டு மணி வாக்கில், ஹால் டியூப்லைட்டைச் சுற்றி இந்தப் பூச்சி நாலைந்து வந்தது. பையனுக்கு நாலு வயசு. கழுத்தில் ஏதோ ஊர்கிறது என்று கையால் தேய்த்தான், ஆனால் அழவில்லை. இன்று ஞாயிறு காலை பார்த்தால் காதுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு, அதன்மேல் பொடிக் கொப்புளங்கள். என் மாமியார் இது அக்கி, காவி எழுதினால் போய்விடும் என்கிறார். முதல் படம் சுவரில் ஓடியபோது எடுத்தது. இரண்டாவது, டிஷ்யூவில் நசுக்கியது. மூன்றாவது பையன் கழுத்து. கடித்திருக்குமா? இது ஆபத்தான பூச்சியா?

பதில்

வணக்கம் மேடம். பூச்சியின் பெயருக்குக் காத்திருக்காமல் முதலில் இதைச் செய்துவிடுங்கள். பையனின் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அவன் கை கண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போட்டிருந்த சட்டை, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் சோப்புத்தூள் போட்டுத் துவையுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் வைத்தால் எரிச்சல் குறையும்.

முதல் படத்தில் தெரிவது இவ்வளவுதான்: நீளமான மெல்லிய உடல், தலைப்பக்கம் கருப்பு, நடுவில் ஆரஞ்சு, பின்பாதி மங்கல். ஓடும் பூச்சியை இரவில், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததால் ஓரங்கள் கரைந்துவிட்டன. பக்கத்தில் அளவு காட்ட எதுவும் இல்லை. 4 மில்லிமீட்டரா 14 மில்லிமீட்டரா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

இரண்டாவது படம், நசுங்கியதாக இருந்தாலும், கூடுதல் விஷயம் சொல்கிறது. முதுகின் நடுவில் நீலப்பச்சையாக மினுங்கும் சின்னத் தகடு ஒன்று ஒட்டியிருக்கிறது, பாருங்கள். அது குட்டையான முன்னிறக்கை. அதற்குப் பின்னால் வயிற்றுப்பகுதி இறக்கையால் மூடப்படாமல் ஆரஞ்சாகத் தெரிகிறது, நுனி மட்டும் கருப்பு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது பீடரஸ் என்ற பேரினத்து வண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொதுவாக 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆசிட் பூச்சி என்று சிலர் சொல்வதும், 2022-ல் சிக்கிமில் மாணவர்களுக்குத் தோல் புண் வந்தபோது நைரோபி ஈ என்று செய்திகளில் அடிபட்டதும் இந்த வகைதான். ஈ என்று பெயர் வந்தாலும் இது வண்டு.

பேரினம் வரை சொன்னேன், இனம் சொல்லவில்லை. இந்தியாவில் பீடரஸ் இனங்கள் பல உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் வண்டின் உள்ளுறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனத்தை உறுதி செய்வார்கள். எவ்வளவு தெளிவான போன் படத்திலும் அது தெரியாது. உங்கள் பையனுக்கு அது தேவையும் இல்லை. எந்த இனமானாலும் செய்ய வேண்டிய முதலுதவி ஒன்றுதான்.

முதல் படம் மட்டும் வந்திருந்தால் நான் பீடரஸ் என்று சொல்லியிருக்கமாட்டேன். சென்னையில் மரங்களில் ஓடும் ஒரு மெலிந்த பெரிய எறும்பு உண்டு. தலை கருப்பு, நடு உடல் செம்மஞ்சள், வயிறு கருப்பு. மங்கலான படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஆனால் ஆபத்து வேறு. அந்த எறும்பு கொட்டும், கொட்டிய நொடியே சுரீரென்று வலிக்கும். சிலருக்கு ஒவ்வாமை தீவிரமாகி மூச்சுத்திணறல் வரை போகலாம். எறும்பென்றால் இடுப்பு நூல்போல ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும். பீடரஸுக்கு இரண்டும் இல்லை. இன்னொன்று, குட்டை இறக்கையும் வால் நுனியில் இடுக்கியும் உள்ள பூச்சி. பீடரஸுக்கும் வால் நுனியில் இரண்டு சின்னக் கூர் இருப்பதால் சிலர் குழம்புவார்கள். இடுக்கி தடித்து வளைந்திருந்தால் அது இடுக்கிப்பூச்சி, அதனால் இப்படிப் புண் வராது.

இங்கே படத்தைவிட நீங்கள் எழுதிய இரண்டு வரிகள் எனக்கு அதிகம் உதவின. தேய்த்தபோது பையன் அழவில்லை. வெள்ளி இரவு தேய்த்தது, ஞாயிறு காலை புண். பீடரஸ் கடிக்காது, கொட்டாது. அதன் உடல் திரவத்தில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. வண்டின் உடலில் வாழும் பாக்டீரியா உண்டாக்குவது அது, பெண் வண்டுகளில் அதிகம். ஊரும் வண்டைத் தோலோடு வைத்து நசுக்கினால், தேய்த்த தடத்தில் அந்தத் திரவம் பூசப்பட்டுவிடும். அப்போது வலியே தெரியாது. ஒன்று, இரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து, கொப்புளம் வைத்து எரியும். அதனால்தான் பல வீடுகளில் ராத்திரி ஏதோ கடித்தது என்று மூட்டைப்பூச்சியையும் சிலந்தியையும் தேடுகிறார்கள். புண் கோடாக இருப்பதும் தேய்த்த கையின் திசைதான். முழங்கையின் உள்மடிப்பில் பட்டால், கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் ஒட்டி, ஒரே அச்சில் இரண்டு புண் வரும்.

நச்சு பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் பெருமளவு தப்பியிருக்கும். இப்போது கழுவுவது புண்ணை மாற்றாது. கையிலும் துணியிலும் மிச்சம் இருந்தால் வேறு இடத்துக்குப் போகாமல் தடுக்கும், அவ்வளவே. கொப்புள நீர் பட்டுப் பரவும் என்று பயப்பட வேண்டாம். அக்காவுக்கோ தம்பிக்கோ இது தொற்றாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து உதிரும். அந்த இடத்தில் கருமை சில வாரம், சில மாதம்கூட நிற்கலாம்.

இனி மூன்றாவது படம். இந்தத் தோலைப் பார்த்து இது பீடரஸ் புண்தான் என்று நான் எழுதித் தரமாட்டேன். வீட்டில் அந்த வண்டு இருந்தது என்பது ஒரு விஷயம். இந்தப் புண் அதனால்தான் வந்தது என்பது வேறு விஷயம். படத்தில் தோலின் சூடு தெரியாது, தொட்டால் வலிக்கிறதா தெரியாது, காய்ச்சல் தெரியாது. உங்கள் மாமியார் அக்கி என்று நினைத்ததில் தவறில்லை. கொப்புளம் வரிசையாக நிற்பதால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அக்கி என்பது சின்னம்மை வைரஸ் நரம்பு வழியாக மறுபடி கிளம்புவது. பெரும்பாலும் புண்ணுக்கு முன்பே அந்த இடம் வலிக்கும். நாலு வயதில் அரிது, ஆனால் சின்னம்மை வந்து போன குழந்தைக்கு வரக்கூடும். எதுவானாலும் காவி மட்டும் பூச வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் வைக்கும். மருத்துவர் பார்க்க வேண்டிய தோலையும் அது மறைத்துவிடும்.

நாளை காலை குழந்தை மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். இரண்டாவது படத்தையும் காட்டுங்கள், வெள்ளி இரவு என்று நேரத்தையும் சொல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். பீடரஸ் புண்ணுக்கு மருத்துவரே அதை எழுதலாம். ஆனால் அக்கியாக இருந்தால் அதுவே கெடுதலாகும். கண் சிவந்தாலோ, இமை வீங்கினாலோ நாளை வரை பொறுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, இன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சல், மஞ்சள் சீழ், சிவப்பு நாளுக்கு நாள் அகலமாவது, இவை வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். எந்தப் பூச்சி கடித்தாலும் மூச்சு வாங்கினாலோ, உதடு நாக்கு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வந்தாலோ படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வண்டு இன்னும் சில நாள் வரும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உங்களுக்குப் பக்கம். ஈர மண்ணில் வளர்ந்து, மழைக்குப் பிறகு வெள்ளை விளக்கைத் தேடி வரும். வயல்களில் இது பயிர்ப்பூச்சிகளைத் தின்னும் நல்ல வண்டு. நமக்குக் கெடுதல் நசுக்கும்போதுதான். பால்கனி விளக்கை இருட்டியதும் அணைத்துவிடுங்கள். கொசுவலைச் சட்டத்தின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டுங்கள். பையன் படுக்கையை டியூப்லைட்டுக்கு நேர்கீழே போடாதீர்கள், படுக்கும் முன் விரிப்பை உதறுங்கள். மேலே ஊர்ந்தால் வாயால் ஊதுங்கள், அல்லது காகிதத்தை நீட்டி அதில் ஏறவிடுங்கள். மருந்தடித்துக் கொன்றாலும் செத்த வண்டில் நச்சு அப்படியே இருக்கும். ஆகவே கையால் எடுக்காமல் துடைப்பத்தால் கூட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அந்த டிஷ்யூவையும் வெறும் கையால் தொட வேண்டாம்.

இன்னொன்று உயிரோடு கிடைத்தால் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகிப் பிடியுங்கள். மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிப் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்தால் ஓட்டம் குறையும். சாப்பாட்டு டப்பா வேண்டாம். பகலில் ஜன்னல் பக்கம், வெள்ளைத் தாளின்மேல், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பிளாஷ் அடித்தால் முதுகு பளபளத்து நிறம் போய்விடும். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலின் மில்லிமீட்டர் பக்கத்தை வையுங்கள். ஒரு ரூபாய் நாணயம் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு அளவில் வந்திருப்பதால் அளவுக்கு நம்ப முடியாது. போனை ஒட்டிக் கொண்டுபோகாமல், பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பூச்சிமேல் தொட்டு போகஸ் செய்யுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். குட்டை இறக்கையும் கருப்பு நுனியும் அதில் தெளிவாகத் தெரிந்தால், மேலே 'வாய்ப்பு அதிகம்' என்று எழுதியதை 'பீடரஸ்தான்' என்று மாற்றி அனுப்புகிறேன். பையன் கழுத்துக்கு நாளை மருத்துவர் சொல்வதே முடிவு.