வாக்காளர் இடாப்பு மீளாய்வு: உப்புவெளி மக்களுக்கு ஒரு விளக்கம்

ஜீ.எஸ் அலுவலக வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது சட்டத் தமிழ், வாசித்தால் தலை சுற்றும். அதனால் நம் சனசமூக நிலையத்தின் சார்பில் எளிமையாக எழுதித் தருகிறேன். இறுதி நாளை முதலில் மனதில் வையுங்கள்: ஜூலை 24, வெள்ளிக்கிழமை. அன்று அலுவலகம் மூடுவதற்குள் கோரிக்கையோ ஆட்சேபனையோ போய்ச் சேர வேண்டும்.

அலுவலகத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஏ பட்டியல், இடாப்பிலிருந்து நீக்கப்போகும் பெயர்கள். பீ பட்டியல், புதிதாகச் சேர்க்கப்போகும் பெயர்கள். நம்மில் பெரும்பாலோர் பீ பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, "புதுப் பெயர் ஒன்றும் இல்லை, சரி" என்று திரும்பிவிடுகிறோம். ஏ பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு வந்த நாளில் வீடு பூட்டியிருந்தது, படிவத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மகன் கொழும்பில் வேலை என்று அயலவர் சொன்னார்: இப்படியான காரணங்களால்தான் பெயர்கள் அங்கே போகின்றன. போன தேர்தலில் எங்கள் பெரியம்மா வாக்களிப்பு நிலையம் வரை நடந்துபோய், பெயர் இல்லை என்று அழுதுகொண்டு திரும்பினார். அன்று ஒன்றும் செய்ய முடியாது. இப்போது முடியும்.

இரண்டு பட்டியலிலும் உங்கள் பெயர் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அவற்றில் மாற்றங்கள் மட்டுமே இருக்கும். பழைய இடாப்பில் இருக்கிறீர்களா என்பதை அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு தேர்தல் ஆணைக்குழுவின் elections.gov.lk தளத்தில் பார்க்கலாம். போன் பாவிக்கத் தெரியாதவர்கள் ஜீ.எஸ்ஸிடமோ, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலோ கேட்கலாம். பெயர், வீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் அட்டையோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கமும் இருக்கும். இலக்கத்தில் பிழை இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

திருத்தம் கேட்கும்போது நீளமாக எழுதத் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"எனது பெயர் ஏ பட்டியலில் உள்ளது. நான் தொடர்ந்து இதே முகவரியில் குடும்பத்துடன் வசிக்கிறேன். தொழிலுக்காக வாரநாட்களில் மட்டும் கந்தளாயில் தங்குகிறேன். எனது பெயரை நீக்காமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடையாள அட்டைப் பிரதியும் மின்சாரப் பட்டியலும் இணைத்துள்ளேன்."

கையொப்பமிட்டு, ஜீ.எஸ் ஊடாகவோ நேரடியாகத் திருகோணமலை மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ கொடுங்கள். ஒரு பிரதியில் திகதியிட்டுப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால், அதுவும் இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்பே. விசாரணைக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள், போகாவிட்டால் உங்கள் பக்கத்தைச் சொல்ல ஆளிருக்காது.

இறந்தவரின் பெயரோ ஊரில் வசிக்காதவரின் பெயரோ இருந்தால் ஆட்சேபனை கொடுக்கலாம். ஆனால் வேலிச் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். ஒருவரின் வாக்குரிமை அது.

திருமணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன பிள்ளைகள் அங்கே பதிய வேண்டும். ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே இருக்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் பெயரைப் பெற்றோர் வீட்டு முகவரியிலேயே வைத்திருங்கள்.

18 வயது பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். இடாப்புக்குரிய தகுதி நாள் பெப்ரவரி 1. அதற்குப் பின் 18 நிறைவடைந்தவர்கள் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டிய காலம் 2021 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. மே 31, செப்டெம்பர் 30, ஜனவரி 31 என்று வருடத்தில் மூன்று கட்டமாகத் துணை இடாப்புகள் தயாரிக்கிறார்கள். ஓகஸ்டில் 18 ஆகும் உங்கள் மகள் செப்டெம்பர் கட்டத்தில் வருவாள். ஆனால் அவள் விபரத்தை நீங்கள் ஜீ.எஸ்ஸிடம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இளம் பெற்றோருக்கு. தரம் 1 பாடசாலை அனுமதியில் வதிவிடத்தை நிரூபிக்க முந்தைய ஐந்து வருட இடாப்புப் பதிவைப் பார்க்கிறார்கள். இந்த வருடம் விடுபட்டால் அந்த வருடத்துக்கான புள்ளி பிறகு திரும்பி வராது. பிள்ளை இப்போது தொட்டிலில் இருந்தாலும் பதிவைப் பாருங்கள்.

ஜூலை 12, ஞாயிறு காலை 9 மணி முதல் சனசமூக நிலையத்தில் இருப்போம். அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். படிவம் நிரப்பவும் கடிதம் எழுதவும் உதவுவோம், காசு ஒன்றும் இல்லை. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் வீட்டு முகவரியைச் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வருகிறோம்.

செயலாளர், சனசமூக நிலையம், உப்புவெளி