ஷிப்ட் ஒப்படைப்பு, செவ்வாய் 14:00 யுடிசி: db-01 டிஸ்க் நிரம்புகிறது, 19:00க்குள் முடிவு வேண்டும்

அண்ணா, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கம் கடிகாரம் மாறியதில் நாம் பேசிக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது. அதனால் போனில் சொல்ல வேண்டியதையும் சேர்த்து எழுதுகிறேன், குறிப்பு கொஞ்சம் நீளம். நேரம் எல்லாமே யுடிசிதான், உங்கள் ஊர் நேரத்துக்கு நான் எதையும் மாற்றவில்லை.

வேறு எதைப் படிக்காவிட்டாலும் db-01 பற்றியதை மட்டும் படித்துவிடுங்கள்.

db-01 டிஸ்க்

ரிப்போர்ட் சர்வர் காலை 06:20க்கு நின்றுபோனது. அதில் ஒரு டிஸ்க் போய்விட்டது. மாற்றித் தரச் சொல்லி டேட்டா சென்டருக்கு டிக்கெட் போட்டேன், 17:00க்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட் ஒரு நாள் வராவிட்டால் யாருக்கும் உயிர் போகாது என்று நினைத்து அதை அப்படியே விட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அந்த சர்வருக்கான ரெப்ளிகேஷன் ஸ்லாட் db-01இல் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் வாங்க ஆள் இல்லாததால், அதற்குச் சேர வேண்டிய `pg_wal` ஃபைல்களை போஸ்ட்கிரெஸ் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறது. 12:20க்கு 80% அலாரம் அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போதைய கணக்கு: 500 ஜிபி டிஸ்க்கில் 410 ஜிபி நிரம்பியிருக்கிறது, அதாவது 82%. மணிக்குச் சுமார் 6 ஜிபி ஏறுகிறது. இதே வேகத்தில் போனால் விடியும் வரை தாங்கும் என்று தோன்றும், நானும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் 20:00க்கு இரவு பேட்ச் ஓடும். அது ஒரு மணி நேரத்தில் 40 ஜிபி வரை எழுதுகிறது. 20:00க்கு 446 ஜிபி, பேட்ச் முடியும்போது 490 ஜிபியைத் தாண்டிவிடும். டிஸ்க் முழுசாக நிரம்பினால் டேட்டாபேஸே நின்றுவிடும், அப்புறம் ரிப்போர்ட் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

நிலவரம் பார்க்க:

```sql
SELECT slot_name, active,
       pg_size_pretty(pg_wal_lsn_diff(
         pg_current_wal_lsn(), restart_lsn)) AS lag
FROM pg_replication_slots;
```

இரண்டு வரி வரும். `standby_a` என்பது நம் மாற்று சர்வர், அதில் `active` என்ற இடத்தில் `t` இருக்கும். அதைத் தொடவே கூடாது. `report_b` என்பதில் `f` இருக்கிறது, பிரச்சினை அதுதான்.

சர்வர் 17:00க்குத் திரும்ப வந்துவிட்டால் நல்லது. `report_b` தானாகவே `t` ஆகும், `lag` குறைய ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் டிஸ்க்கும் இறங்கும். `lag` முழுக்க இறங்கும் வரை ரிப்போர்ட் வேலைகளை மட்டும் ஆரம்பிக்க விடாதீர்கள். அவை ஓடினால் பிடித்துக்கொண்டு வருவது இன்னும் தாமதமாகும்.

19:00 வரை வராவிட்டால் ஸ்லாட்டை எடுத்துவிடுங்கள். மேனேஜரிடம் 13:00க்குப் பேசிவிட்டேன், அவர் சரி என்று சொல்லிவிட்டார், டிக்கெட்டிலும் எழுதியிருக்கிறார். நீங்கள் மறுபடி அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

```sql
SELECT pg_drop_replication_slot('report_b');
CHECKPOINT;
```

எடுத்துவிட்டால் ரிப்போர்ட் சர்வரை முதலிலிருந்து காப்பி எடுத்துத்தான் கட்ட வேண்டும். போன முறை நாலு மணி நேரம் பிடித்தது. அந்த வலி தெரிந்துதான் 19:00 வரை பொறுக்கலாம் என்கிறேன், அதற்கு மேல் வேண்டாம். "இதோ பத்து நிமிஷத்தில் சர்வர் வந்துவிடும்" என்று டேட்டா சென்டரில் சொன்னாலும் எடுத்துவிடுங்கள். இன்று காலையிலிருந்து அந்தப் பத்து நிமிஷத்தை நான் மூன்று முறை கேட்டுவிட்டேன்.

இடம் போதவில்லை என்று `pg_wal` உள்ளே போய் யாரும் கையால் ஃபைல் அழிக்க வேண்டாம். உங்களுக்குத் தெரியும், உங்களோடு இருக்கும் புதுப் பையனுக்காகச் சொல்கிறேன்.

85% அலாரம் 16:30 வாக்கில் அடிக்கும். எதிர்பார்த்ததுதான், பதற வேண்டாம். 90% அலாரம் 19:00க்கு முன்னால் அடித்தால் மட்டும் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம், உடனே ஸ்லாட்டை எடுங்கள்.

வாடிக்கையாளர் போர்ட்டல் சான்றிதழ்

வியாழன் 09:15க்குக் காலாவதி ஆகிறது. தானாகப் புதுப்பிக்க வேண்டியது பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அந்த மெயில் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போயிருக்கிறது. காரணம் கண்டுபிடித்தாயிற்று: போன மாதம் ஃபயர்வால் விதிகளைச் சுத்தம் செய்தபோது போர்ட் 80ஐ மூடிவிட்டார்கள். சரிபார்ப்பு அந்த வழியாகத்தான் வரும்.

நெட்வொர்க் அணி உங்கள் நேரத்துக்குத்தான் வருகிறது, 15:00க்கு. போர்ட்டைத் திறக்கக் கேட்டு டிக்கெட் போட்டிருக்கிறேன், நீங்கள் ஒருமுறை நேரில் நினைவூட்டினால் நகரும். திறந்த பிறகு முதலில் சோதனை ஓட்டம்:

```
certbot renew --dry-run
```

அது சுத்தமாக முடிந்தால் மட்டும் நிஜமாக `certbot renew`, பிறகு `systemctl reload nginx`. சோதிக்காமல் நிஜ ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்றால் லெட்ஸ் என்க்ரிப்ட் கதவைச் சாத்திவிடும், அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்று முடியாவிட்டாலும் நாளை ஒரு நாள் இருக்கிறது. db-01 விஷயத்தோடு மோதினால் இதைத் தள்ளி வையுங்கள்.

இரண்டு முறை போன இன்வாய்ஸ் மெயில்

மூன்று வாடிக்கையாளர்களுக்கு ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை போயிருக்கிறது. 09:05க்கு மெயில் வொர்க்கரை ரீஸ்டார்ட் செய்தோம். அனுப்பி முடித்தும் "முடிந்தது" என்று குறிக்காமல் நின்ற வேலைகளை வரிசை மறுபடி கொடுத்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம், லாக் இன்னும் பார்க்கவில்லை. பணம் இரண்டு முறை எடுக்கப்படவில்லை, அதை மட்டும் சரிபார்த்துவிட்டேன்.

அவர்களில் ஒருவர் கொஞ்சம் கோபமாக இருக்கிறார். 18:00க்குள் பதில் வரும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். காரணம் உறுதியாகாவிட்டாலும் அந்த நேரத்துக்கு இரண்டு வரி போய்விட வேண்டும்: பணம் ஒருமுறைதான் எடுக்கப்பட்டது, இரண்டாவது மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம், காரணத்தை நாளை சொல்கிறோம். டிக்கெட்டில் வரைவு வைத்திருக்கிறேன், உங்கள் பாணிக்கு மாற்றி அனுப்புங்கள். லாக்கை நாளை நானே பார்க்கிறேன்.

ஸ்டேஜிங்கில் சிபியூ அலாரத்தை 23:00 வரை அடக்கி வைத்திருக்கிறேன், லோடு டெஸ்ட் ஓடுகிறது. 23:00க்குப் பிறகும் சிபியூ இறங்காவிட்டால் டெஸ்ட்டை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், போன வாரம் நடந்தது அதுதான்.

18:00 வரை விழித்திருப்பேன், எதுவானாலும் கூப்பிடுங்கள். அதன் பிறகு db-01க்காக மட்டும் எழுப்புங்கள். மற்றது எல்லாம் டிக்கெட்டில் எழுதினால் போதும். காலை 06:00க்கு வந்தவுடன் நான் முதலில் தேடப்போவது ஒரே ஒரு வரி: ஸ்லாட் இருக்கிறதா, எடுத்தாயிற்றா. எடுத்திருந்தால் எத்தனை மணிக்கு என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள், ரிப்போர்ட் சர்வரைக் கட்டும் வேலையை நான் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.