ஆய்வகப் பரிசோதகர் வேலைக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்

கொழிஞ்சாம்பாறை
ஜூலை 14, செவ்வாய்

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயாவுக்கு,

வணக்கம். மீனாட்சிபுரத்தில் உள்ள உங்கள் பால் பதப்படுத்தும் ஆலையில் ஆய்வகப் பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பித்து, முதல் நேர்காணலுக்கு வந்துபோன கோமதி எழுதுகிறேன். எதுவானாலும் தமிழிலேயே எழுதலாம் என்று அன்று நீங்கள் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

வரும் வியாழக்கிழமை நடக்கும் இரண்டாவது நேர்காணலுக்கு என்னால் வர இயலாது. கஞ்சிக்கோட்டில் ஓர் உணவுப் பொருள் ஆலையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நேற்று மாலை சம்மதம் சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆகவே என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்காக ஒதுக்கிய நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஓணத்துக்கு முன்பே ஆள் வேண்டும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. அதனால்தான் வியாழன் வரை காத்திருக்காமல் இன்றைக்கே தெரிவிக்கிறேன்.

போன வாரம் உங்கள் அலுவலகத்தில் இருந்து அழைத்த அக்காவிடம் "கட்டாயம் வருகிறேன்" என்று சொல்லியிருந்தேன். அப்போது அந்த இன்னொரு இடத்தில் இருந்து எந்தப் பதிலும் வரவில்லை, நான் மனதாரத்தான் சொன்னேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு உங்களிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் காரணம் இல்லை, நீங்கள் சொன்ன தொகை எனக்குத் திருப்தியாகவே இருந்தது. அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இரவில் எழுந்து நடக்கக் கைபிடிக்க ஓர் ஆள் வேண்டும். அப்பா விடியுமுன் எழுந்து மாடு கறந்து, பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறவர். உங்கள் ஆலையில் பால் வண்டி வந்து இறங்கும் இரவு ஷிப்டில்தான் ஆள் தேவை. கஞ்சிக்கோட்டில் பகல் வேலை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் இப்படி முடிவு செய்தோம்.

அப்புறம், அன்றைய செய்முறைத் தேர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பியூட்டிரோமீட்டரில் 10 மி.லி. அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால் என்று எல்லாம் சரியாகத்தான் ஊற்றினேன். ஆனால் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்ததும் அவசரத்தில் அப்படியே கொழுப்பு அளவைப் பார்க்கப் போனேன். நீங்கள் கையமர்த்தி, 65 டிகிரி வெந்நீரில் வைத்து எடுத்து, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னீர்கள். "ஒரு புள்ளி குறைத்துப் படித்தால் மாடு வைத்திருப்பவன் காசு போகும்மா" என்றீர்கள். கல்லூரியில் இந்தச் சோதனையை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அந்த ஒரு புள்ளி எங்கள் அப்பாவின் பால் அட்டையில் ஏறும் காசு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வேலை கேட்டு வந்தவளுக்கு அரை மணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தீர்கள். அதை மறக்க மாட்டேன்.

இன்னொரு வேண்டுகோள். அம்மா குணமாகி இரவு வேலைக்கு நான் தயாராகும் காலத்திலோ, உங்கள் ஆய்வகத்தில் பகல் ஷிப்டில் இடம் வரும்போதோ, என்னையும் நினைவில் வைத்திருங்கள். சேரும் இடத்தில் ஒழுங்காக வேலை செய்து, அவர்களுக்குச் சேர வேண்டியதைச் செய்த பிறகே வேறு இடம் பார்ப்பேன், பாதியில் விட்டுவிட்டு வர மாட்டேன். ஆனால் பால் சோதனைதான் எனக்குப் பிடித்த வேலை. நீங்கள் மறுபடி ஆள் எடுக்கும்போது நான் விண்ணப்பித்தால், இன்றைக்கு வராமல் போனதைக் குறையாக எண்ண மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி வேலந்தாவளத்தில் இருக்கிறாள். தமிழ், மலையாளம் இரண்டும் நன்றாகப் பேசுவாள், இரவு ஷிப்டும் அவளுக்குச் சரி. நீங்கள் சம்மதித்தால் விண்ணப்பிக்கச் சொல்கிறேன். உங்களைக் கேட்காமல் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

நான் கொடுத்த சான்றிதழ் நகல்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும், திருப்பி அனுப்ப வேண்டாம். என் எண் விண்ணப்பத்தில் இருக்கிறது. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் அழையுங்கள். அன்று சாம்பிள் எடுத்துக்கொடுத்த அண்ணனுக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

மிக்க நன்றி ஐயா.

இப்படிக்கு,
பணிவுடன்,
கோமதி