நிவாரணப் பை கணக்கு: நான்காம் நாள், மாலை 6 மணி வரை

நான்கு முகாம் பொறுப்பாளர்களுக்கும், பண்டகசாலையில் இருப்பவர்களுக்கும், நாளை காலை வண்டியிலும் படகிலும் போகிறவர்களுக்கும்.

இன்றைய பட்டுவாடா முடிந்து, ஒவ்வொரு முகாமிலும் மிச்சமிருந்த பைகளைக் கையால் எண்ணி, டோக்கன் அடிக்கட்டையோடும் பதிவேட்டோடும் ஒத்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். மதியம் போனில் சொன்ன எண்களை மறந்துவிடுங்கள். அவை அப்போதைக்குச் சொன்னவை, அதற்கப்புறம் மூன்று முகாம்களில் வரிசை ஓடிக்கொண்டே இருந்தது.

படிப்பதற்கு முன் ஒரு விஷயம். பையின் எண்ணிக்கையும் குடும்பத்தின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஓர் உணவுப் பை ஐந்து பேருக்கு ஏழு நாள் என்ற அளவில் கட்டியது. ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு ஒன்று, ஆறு பேரும் அதற்கு மேலும் உள்ள குடும்பத்துக்கு இரண்டு. சுகாதாரப் பை இப்போதைக்குக் குடும்பத்துக்கு ஒன்றுதான். 'முதல் இருப்பு' என்பது நேற்று இரவு இறக்கிவைத்த முன்சரக்கு, அதை யாரும் பிரிக்கவில்லை.

உணவுப் பை

| முகாம் | முதல் இருப்பு | இன்றைய வரவு | முகாமிடை மாற்றம் | வழங்கியது | சேதம் | ஏட்டு இருப்பு | எண்ணிய இருப்பு |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 46 | 300 | 0 | 309 | 4 | 33 | 33 |
| 2 | 12 | 154 | 0 | 160 | 0 | 6 | 6 |
| 3 | 30 | 180 | -20 | 175 | 2 | 13 | 12 |
| 4 | 0 | 60 | +20 | 80 | 0 | 0 | 0 |
| மொத்தம் | 88 | 694 | 0 | 724 | 6 | 52 | 51 |

குடும்பங்கள்

| முகாம் | பதிவானவை | பெற்றவை | அதில் 6 பேருக்கு மேற்பட்டவை (6 உட்பட) | பாக்கி | பாக்கிக்குத் தேவையான உணவுப் பை |
|---|---|---|---|---|---|
| 1 | 288 | 271 | 38 | 17 | 19 |
| 2 | 139 | 139 | 21 | 0 | 0 |
| 3 | 164 | 158 | 17 | 6 | 6 |
| 4 | 97 | 69 | 11 | 28 | 33 |
| மொத்தம் | 688 | 637 | 87 | 51 | 58 |

சுகாதாரப் பை

| முகாம் | வரவு | வழங்கியது | இருப்பு | பாக்கிக் குடும்பத்துக்குப் போதாதது |
|---|---|---|---|---|
| 1 | 280 | 271 | 9 | 8 |
| 2 | 150 | 139 | 11 | இல்லை |
| 3 | 160 | 158 | 2 | 4 |
| 4 | 70 | 69 | 1 | 27 |
| மொத்தம் | 660 | 637 | 23 | 39 |

கையிருப்பு 51 பை, பாக்கி 51 குடும்பம் என்று மொத்த வரியைப் பார்த்தவுடனே 'அப்போ சரியாப்போச்சு' என்று தோன்றும். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் 51 ஆனது தற்செயல். அந்த 51 குடும்பங்களில் ஏழு பெரிய குடும்பங்கள் இருப்பதால் தேவை 58 பை. அதைவிட முக்கியம், இருப்பதில் பெரும்பகுதி முதல் முகாமில் கிடக்கிறது, இல்லாதவர்களில் பாதிக்கு மேல் நான்காம் முகாமில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே இருப்பு பூஜ்யம். மொத்த வரியை மட்டும் மேலே அனுப்பினால் அந்த 28 குடும்பங்கள் யார் கண்ணிலும் படாது. அதனால் யார் கேட்டாலும் முகாம்வாரியான பட்டியலைத்தான் கொடுங்கள்.

நான்காம் முகாம்

டோக்கன் 70 முதல் 97 வரை இன்று உணவுப் பை கிடைக்கவில்லை. சாலை துண்டிக்கப்பட்டதால் படகில்தான் சரக்குப் போகிறது. காலையில் போன 60 பை தீர்ந்ததும் மூன்றாம் முகாமிலிருந்து 20 பையை எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் போய்விட்டது. இருட்டிய பிறகு படகை விடவேண்டாம் என்று நிறுத்தியது சரியான முடிவுதான்.

பெரிய குடும்பங்களுக்கும் ஒவ்வொரு பையே கொடுத்திருந்தால் 80 குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் எட்டு பேர் உள்ள வீட்டில் ஒரு பை நான்கு நாளைத் தாண்டுவதே கஷ்டம். அவர்கள் ஐந்தாம் நாள் மறுபடி வரிசையில் நிற்பார்கள், அப்போது ஏட்டில் 'பெற்றவர்' என்றிருக்கும், கொடுப்பவர் திருப்பி அனுப்புவார். விதியை நடுவில் மாற்றாமல், இன்னும் வராத பைக்காகக் கையெழுத்தும் வாங்காமல், 28 பேரின் டோக்கனையும் அவர்கள் கையிலேயே விட்டுவைத்த பொறுப்பாளர் செய்ததுதான் முறை. இன்று இரவுக்கு அந்த முகாமின் பொதுச் சமையல் ஓடுகிறது, யாரும் பட்டினியில்லை என்று பேசி உறுதிசெய்துகொண்டேன்.

இரண்டாம் முகாமில் குறைந்த 6 பை

சலானில் 160 என்று இருந்தது. இறக்கும்போதே எண்ணியதில் 154. வாங்கியவர் சலானில் 160ஐ அடித்து '154 மட்டும் பெற்றேன்' என்று எழுதி, ஓட்டுநரின் கையெழுத்தையும் பக்கத்தில் வாங்கி, இரண்டு படியிலும் அப்படியே செய்திருக்கிறார். எல்லோரும் இதையே செய்யுங்கள். பண்டகசாலை ஏட்டில் இன்று வெளியே போனது 700, முகாம்களின் வரவு 694, வித்தியாசம் இந்த 6தான். ஏற்றும்போதே குறைந்ததா, வழியில் குறைந்ததா என்பது தெரியும்வரை 'வழிக் குறைவு' என்ற தனி வரியில் இருக்கட்டும். யார் மேலும் பழி போடவேண்டாம், ஆனால் வரியை அழிக்கவும் வேண்டாம்.

அதே முகாமில் வேறொன்று. மாலை 6 மணிக்கு மேல் புதிதாக ஐந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. இத்தனை நாள் உறவினர் வீட்டு மாடியில் இருந்தவர்கள். மேலே உள்ள பட்டியலில் அவர்கள் இல்லை. ஐந்தில் ஒன்றில் ஆறு பேர், ஆக அவர்களுக்கு 6 உணவுப் பை வேண்டும். கையில் இருப்பதும் சரியாக ஆறு. இரவே பதிவை முடித்து, டோக்கன் 140 முதல் 144 வரை கொடுத்து, காலையில் வழங்கிவிடுங்கள். வழங்கியது நாளைய கணக்கில் வரட்டும், இன்றைய பக்கத்தைத் திறக்க வேண்டாம்.

மூன்றாம் முகாமில் ஒரு பை

ஏட்டின்படி 13, எண்ணினால் 12. அடிக்கட்டை 175, பதிவேட்டில் கையெழுத்தும் கைரேகையும் சேர்த்து 158 குடும்பம், அதில் 17 பெரியவை, எல்லாம் பொருந்துகிறது. ஒரு பை மட்டும் டோக்கன் இல்லாமல் வெளியே போயிருக்கிறது, அல்லது நான்காம் முகாமுக்கு ஏற்றியபோது 21 போயிருக்கிறது. படகில் இறக்கியவர்கள் 20 என்று எழுதியிருக்கிறார்கள். காலையில் வெளிச்சத்தில் இன்னொரு தடவை எண்ணுங்கள். கிடைக்காவிட்டால் 'கணக்கில் வராதது 1' என்றே எழுதிவிடலாம். வழங்கியதை 176 ஆக்கியோ சேதத்தை 3 ஆக்கியோ நேர்செய்ய வேண்டாம். ஒரு பை போனது பெரிய விஷயமில்லை, அதை மறைத்தால் மிச்ச 175ஐயும் யாரும் நம்பமாட்டார்கள்.

சேதம்: முதல் முகாமில் 4 பை தார்ப்பாயின் இடைவெளி வழியாக ஒழுகி நனைந்தவை, மூன்றாம் முகாமில் 2 பை தூக்கும்போது தையல் விட்டவை. நனைந்ததில் ஒரு பொருளையும் பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள், உலர்த்தினாலும் பூஞ்சணம் பிடிக்கும். தையல் விட்ட இரண்டில் உறை கிழியாத பொருள்களை மட்டும் பொதுச் சமையலுக்கு எழுத்துமூலம் மாற்றலாம். கழிப்பதற்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். முதல் முகாமில் இன்று இரவே அடுக்கைச் சுவரிலிருந்து நகர்த்தி மரப்பலகை மேல் ஏற்றிவிடுங்கள், மழை நிற்கவில்லை.

நாளை காலைக்கு

பண்டகசாலையில் இப்போது 25 உணவுப் பை, 40 சுகாதாரப் பை. அடுத்த லோடு 500 உணவுப் பை நாளை மாலைக்கு முன் வராது, அதை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

முதல் படகு நான்காம் முகாமுக்குத்தான். பண்டகசாலையின் 25 உணவுப் பையும், முதல் முகாமிலிருந்து 10ம், ஆக 35. தேவை 33, இரண்டு மிஞ்சும், அது அங்கேயே இருக்கட்டும். அதே படகில் 27 சுகாதாரப் பை. முதல் முகாமில் 10 போக 23 இருக்கும், அவர்களின் பாக்கிக்கு 19 போதும். மூன்றாம் முகாமுக்கு உணவுப் பை அனுப்பத் தேவையில்லை, 12ல் 6 போனாலும் 6 மிஞ்சும்.

சுகாதாரப் பையில் இரண்டாம் முகாமின் 11ல் புதிய ஐந்து குடும்பங்களுக்குப் போக மீதி 6ஐ முதல் முகாமுக்கு மாற்றுங்கள். பண்டகசாலையிலிருந்து முதல் முகாமுக்கு 2, மூன்றாம் முகாமுக்கு 4. இதெல்லாம் போக பண்டகசாலையில் 7 மிஞ்சும்.

முதல் முகாமின் 17 குடும்பங்களும் டோக்கன் வாங்கியும் வராதவர்கள். சிலர் வீட்டைப் பார்க்கப் போயிருக்கலாம், சிலரால் நடந்து வரமுடியாமல் இருக்கலாம். காலை 10 மணி வரை பார்த்துவிட்டு, அறை அறையாகப் போய்க் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர் பையை வேறொருவர் வாங்கினால் வாங்கியவர் பெயர், உறவு இரண்டும் பதிவேட்டில் வரவேண்டும்.

சுகாதாரப் பை பற்றி என் கோரிக்கை

ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு என்பது நிவாரணப் பணிக்கான சர்வதேச ஸ்பியர் தரநிலை. நம் பையில் 125 கிராம் குளியல் சோப்பு பத்து இருக்கிறது, அதாவது 1,250 கிராம், ஐந்து பேருக்குச் சரியான அளவு. ஏழு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 180 கிராம்கூட வராது. நெருக்கமாகத் தங்கியிருக்கும் இடத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் அறையோடு நிற்காது, அதனால் இதைச் சில்லறை விஷயமாக நினைக்கவில்லை. இன்று வாங்கிய 87, பாக்கியில் உள்ள 7, புதிதாக வந்த 1, ஆக 95 பெரிய குடும்பங்களுக்கு இரண்டாவது சுகாதாரப் பை வேண்டும். அடுத்த கொள்முதலில் 95 கூட்டிப் போடும்படி கேட்டு எழுதியிருக்கிறேன், பொறுப்பாளர்களும் சேர்ந்து சொன்னால் நடக்கும்.

நாளைய கணக்கை மாலை 6:30க்குள் அனுப்புங்கள். பதிவேட்டுப் பக்கத்தின் படம் வேண்டாம், அதில் பெயர்களும் கைரேகையும் இருக்கிறது, குழுவில் சுற்ற விடக்கூடாது. இந்த வரிசையில் எண்களை மட்டும் எழுதினால் போதும்: முதல் இருப்பு, வரவு, மாற்றம், வழங்கியது, சேதம், எண்ணிய இருப்பு, பெற்ற குடும்பம், பாக்கிக் குடும்பம். நான்காம் முகாமில் சிக்னல் கிடைக்காவிட்டால் கடைசிப் படகில் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், நான் கரையில் இருப்பேன்.